புகழ்ச்சியும் சான்றும்

பணியாற்றிக்கொண்டே உயர்கல்விக்கு விண்ணப்பிப்பவர் தம் மதிப்பெண் பட்டியலுடன் மேலாளரின் பரிந்துரை மடலையும் சேர்க்கைக் குழுவுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டியுள்ளது. இன்று அது பெரும்பாலும் மின்னஞ்சலாகவே செல்கிறது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட மடலும் விண்ணப்பதாரருக்குப் பயன்படாமல் போவதுண்டு. அது ஏன் நிகழ்கிறது என்பதையும், திறன்களைச் சுட்டிப் பரிந்துரைக்கும் முறையையும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைச் சூழலைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

மதிப்பெண் கூறாதவை

பணிச் சான்றிதழும் பரிந்துரை மடலும் ஒன்றல்ல. ஒருவர் எந்தப் பதவியில், எந்நாள் முதல் எந்நாள் வரை பணியாற்றினார் என்பதைப் பணிச் சான்றிதழ் உறுதிசெய்கிறது. பரிந்துரை மடலோ, அவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதற்கு நேரில் கண்டவர் அளிக்கும் சாட்சியம் ஆகும்.

தேர்வறையில் வினாவை ஆசிரியர் அமைத்துத் தருகிறார். விடை இருக்கிறது என்பதும் முன்பே உறுதி. ஆய்விலும் தொழிலிலும் அவ்வாறு இல்லை. எது வினா என்பதையே ஒருவர் தாமாகக் கண்டறிய வேண்டும். விடை கிடைக்காத நாள்களையும் அவர் கடக்க வேண்டும். சேர்க்கைக் குழுவினர் மேலாளரிடம் எதிர்பார்ப்பது இதைப் பற்றிய செய்தியையே. மதிப்பெண் பட்டியலில் உள்ளதை மடல் மீண்டும் கூறினால், அவர்கள் புதிதாக எதையும் அறிந்துகொள்வதில்லை.

மடல் செல்லும் வழி

விண்ணப்பப் படிவத்தில் விண்ணப்பதாரர் தம் மேலாளரின் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். பல பல்கலைக்கழகங்கள் அம்முகவரிக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்புகின்றன. மேலாளர் அதன் வழியே மடலைப் பதிவேற்றுகிறார். சில துறைகள் மின்னஞ்சலையே நேரடியாகப் பெற்றுக்கொள்கின்றன. எவ்வழியாயினும் மடல் அலுவலக முகவரியிலிருந்து வருவதே நம்பத்தக்கது. எவரும் எப்பெயரிலும் தொடங்கக்கூடிய இலவச முகவரியிலிருந்து வரும் மடலை ஐயத்தோடு நோக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு.

மடல் விண்ணப்பதாரரின் கை வழியே செல்லாமைக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர் தம்மைப் பற்றிய கல்வி ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையை வழங்குகிறது. ஆயினும், பரிந்துரை மடலைப் பொறுத்தவரை அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பதாரர் முன்கூட்டியே ஒப்புதல் அளிக்கலாம். அவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்து எழுதப்பட்ட மடலில் உண்மை கூடுதலாக இருக்கும் எனச் சேர்க்கைக் குழுவினர் கருதுகின்றனர்.

இந்நிலையில், "நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், நான் கையொப்பமிடுகிறேன்" என்று மேலாளர் கூறும் வழக்கம் விண்ணப்பதாரருக்குத் தீங்காகவே முடியும். அவர் எழுதிய நோக்க அறிக்கையின் நடையும் மடலின் நடையும் ஒன்றாக அமைந்துவிட்டால், இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் அதை எளிதில் கண்டுகொள்வார். அன்றியும், தம் திறனைத் தாமே எழுத நேர்ந்தவர் பொதுவான புகழ்மொழிகளிலேயே நின்றுவிடுவார். மேலாளர் மட்டுமே கண்ட நிகழ்ச்சி அம்மடலில் இடம்பெறாது.

ஒரு தொழிற்சாலைச் சூழல்

பம்புகளின் வார்ப்பிரும்பு வெளிக்கூடுகளை உருவாக்கும் ஒரு தொழிற்சாலையை எண்ணிப் பார்ப்போம். கோயம்புத்தூர் பகுதியில் இத்தகைய வார்ப்படத் தொழிற்சாலைகள் பல உள்ளன. மணலோடு பென்டோனைட் என்னும் களிமண்ணையும் நீரையும் கலந்து அச்சு அமைப்பர். உருகிய இரும்பை அவ்வச்சில் ஊற்றுவர். இரும்பு இறுகியபின் அச்சை உடைத்து வார்ப்படத்தை எடுத்துவிட்டு, அதே மணலை மீண்டும் பயன்படுத்துவர். மணலில் நீர் மிகுந்தால், அது கொதிக்கும் இரும்பு பட்டவுடன் ஆவியாகி வார்ப்படத்தினுள் காற்றுத்துளைகளை உண்டாக்கும். நீர் குறைந்தால் அச்சின் பரப்பு உதிர்ந்து, மணல் துகள்கள் இரும்பில் கலந்துவிடும்.

அத்தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் பெண் பொறியாளர் ஒருவர், பொருளறிவியலில் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். அவருடைய இளநிலைப் பட்ட மதிப்பெண்கள் நடுத்தரமானவை. எனவே, மேலாளரின் மடலே அவர் விண்ணப்பத்தின் வலுவாக அமைய வேண்டும். அவர் சென்றுவிட்டால் பிரிவில் அவருக்கு இணையானவர் இல்லை என்பதையும் மேலாளர் அறிவார். எனினும், பரிந்துரைக்க இசைந்தபின் அவ்விழப்பை எண்ணி எழுத்தைத் தளர்த்துவது முறையன்று.

முதல் வரைவு

மேலாளர் முதலில் பின்வருமாறு எழுதுகிறார்:

"இவர் எங்கள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். இவர் கடின உழைப்பாளி, பொறுமைசாலி, நேரந்தவறாதவர். அனைவரிடமும் இனிமையாகப் பழகுவார். குழுவோடு இணைந்து செயல்படுவார். இவருக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தில் இடமளித்தால் சிறப்பாகப் பயில்வார் என உறுதியாக நம்புகிறேன்."

இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் இம்மடலால் பயனில்லை. விண்ணப்பதாரரின் இடத்தில் வேறெவரை வைத்தாலும் இது அப்படியே பொருந்தும். ஒரு வரைவின் வலிமையை அறிய இதுவே எளிய சோதனை: ஒரு தொடரை வேறோர் ஊழியரைப் பற்றியும் மாற்றமின்றி எழுத இயலுமாயின், அத்தொடர் இவரைப் பற்றி எதுவும் கூறவில்லை என்பது பொருள்.

மற்றொரு குறையும் உண்டு. நேரந்தவறாமையும் இனிமையும் நல்ல ஊழியருக்குரிய பண்புகள். ஆய்வு மாணவருக்குரிய சிந்தனைத் திறனை அவை காட்டுவதில்லை. இப்பண்புகளை மட்டுமே கூறும் மடலைப் படிப்பவர், கூறுவதற்கு வேறொன்றும் இல்லை போலும் என்றே முடிவுசெய்வார்.

திறனிலிருந்து நிகழ்ச்சிக்கு

வரைவைத் திருத்த முற்படும் மேலாளர் நாட்குறிப்புகளையும் தர அறிக்கைகளையும் எடுத்துப் பார்க்கிறார். விண்ணப்பதாரரிடமிருந்து அவருடைய நோக்க அறிக்கையையும் பெற்றுக்கொள்கிறார். மணல் அச்சில் ஈரம் பரவும் முறையை ஆராய விரும்புவதாக அவ்வறிக்கை கூறுகிறது. ஆதலால், அவ்விருப்பத்திற்கு வேராக அமைந்த நிகழ்ச்சியையே மடலின் நடுவில் வைக்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

அந்நிகழ்ச்சி இது: ஒரு மழைக்காலத்தில் காற்றுத்துளைகளால் கழிக்கப்படும் வார்ப்படங்கள் நூற்றுக்கு எட்டாக உயர்ந்தன. மழையின் ஈரமே காரணம் என அனைவரும் எண்ணினர். இவர் மட்டும் கழிக்கப்பட்ட வார்ப்படங்களை அவை வார்க்கப்பட்ட நேரத்தின்படி பிரித்துப் பார்த்தார். காலையில் வார்த்தவற்றில் குறை அரிது. பிற்பகலில் வார்த்தவற்றிலேயே குறை மிகுதி. மழையே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றக் காரணமில்லை.

அதன்பின் அவர் மணலின் ஈரத்தை இரண்டு இடங்களில் அளந்தார்; ஒன்று மணல் கலக்கும் இடம், மற்றொன்று அச்சு அமைக்கும் இடம். காலையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. பிற்பகலில் அச்சு அமைக்கும் இடத்தில் ஈரம் குறைந்திருந்தது. உடைத்த அச்சின் மணல் ஆறுவதற்கு முன்பே மீண்டும் கலவைக்கு வந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம். சூடான மணலில் ஊற்றிய நீர் வழியிலேயே ஆவியாயிற்று. அச்சு உதிர்வதைக் கண்ட தொழிலாளர்கள் மேலும் நீர் சேர்த்தனர். அவ்வாறு சேர்த்த நீர் அச்சுக்கு அச்சு வேறுபட்டது. எங்கே நீர் மிகுந்ததோ அங்கே காற்றுத்துளை உண்டாயிற்று. மணலை ஆறவிடும் நேரத்தை நீட்டித்து, கலவைக்குச் செல்லுமுன் அதன் வெப்பநிலையை அளக்கும் முறை அவருடைய பரிந்துரையின்படி கொண்டுவரப்பட்டது. மூன்று மாதங்களில் கழிவு நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று திறன்கள் வெளிப்படுகின்றன. பிறர் ஏற்றுக்கொண்ட காரணத்தை ஐயுற்றுச் சோதித்தது முதல் திறன். ஐயத்தைத் தீர்க்கவல்ல அளவீட்டைத் தாமே அமைத்தது இரண்டாவது. தொழிலாளர்களைக் குறைகூறாமல், அவர்கள் நீர் சேர்த்ததன் காரணத்தைக் கேட்டறிந்தது மூன்றாவது. ஒரு மடலுக்கு இம்மூன்றே போதும். பத்துத் திறன்களை அடுக்கினால் ஒன்றுக்கும் சான்று காட்ட இடமிராது.

திருத்திய மடல்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மடல் ஆங்கிலத்தில் செல்லும். அதன் அமைப்பு விளங்குமாறு இங்குத் தமிழில் தரப்படுகிறது. பெயர்களும் எண்களும் விடப்பட்டுள்ளன.

பொருள்: பரிந்துரை மடல் – பொருளறிவியல் முதுகலை – விண்ணப்பதாரர் பெயர், விண்ணப்ப எண்

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினர்க்கு,

வணக்கம். இவ்விண்ணப்பதாரர் எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். அவற்றுள் மூன்று ஆண்டுகள் என் நேரடி மேற்பார்வையில் பணியாற்றியுள்ளார். அவரைத் தங்கள் முதுகலைப் படிப்புக்கு முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய முதன்மையான திறன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் வார்ப்படங்களில் காற்றுத்துளைகள் பெருகின. நான் உட்பட அனைவரும் மழையின் ஈரமே காரணம் என்று கருதினோம். அவர் கழிக்கப்பட்டவற்றை நேரவாரியாகப் பிரித்து, குறை பிற்பகலிலேயே மிகுதி என்பதைக் காட்டினார். பின்னர் மணலின் ஈரத்தை இரண்டு இடங்களில் அளக்கும் முறையைத் தாமே அமைத்து, ஆறாத மணலே காரணம் என நிறுவினார். அவர் கூறிய மாற்றத்தால் மூன்று மாதங்களில் கழிவு நூற்றுக்கு எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. இவ்வளவீட்டு முறையை இன்றும் பின்பற்றுகிறோம்.

தொழிலாளர்கள் கூடுதலாக நீர் சேர்த்ததை அவர் தவறெனப் புகார் செய்யவில்லை. அவர்களோடு ஒரு வாரம் நின்று, நீர் சேர்க்கும் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளே மணலின் சூட்டை நோக்கி அவரைத் திருப்பின.

எண்களைக் கையாள்வதில் அவர் தெளிவானவர். தம் முடிவுகளை அவையில் எடுத்துரைப்பதில் தொடக்கத்தில் தயக்கம் காட்டினார். கடந்த ஓராண்டாக மாதாந்தரத் தர ஆய்வுக் கூட்டத்தை அவரே நடத்தி வருகிறார். அத்தயக்கம் பெரிதும் நீங்கியுள்ளது. கணினிவழி மாதிரியாக்கத்தில் அவருக்குப் பயிற்சி குறைவு. தங்கள் படிப்பு அதனை நிறைவுசெய்யும் என எண்ணுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளில் என்னிடம் பணியாற்றிய பதினொரு பொறியாளர்களுள், ஒரு வினாவைத் தாமாக எழுப்பி அதன் முடிவு வரை தொடர்ந்து செல்லும் திறனில் இவரையே முதலாவதாக வைப்பேன். மேலும் விவரம் தேவைப்படின் இம்முகவரிக்கு எழுதலாம்.

இப்படிக்கு,
மேலாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு

மடலின் அமைப்பு

இம்மடல் ஒரு பக்கத்திற்குள் அடங்குகிறது. எழுதுபவர் விண்ணப்பதாரரை எத்தனை காலமாக, எந்த உறவில் அறிவார் என்பது முதற்பத்தியிலேயே வந்துவிடுகிறது. படிப்பவர் அச்சாட்சியத்திற்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை அதைக்கொண்டே முடிவுசெய்கிறார். ஓராண்டு மட்டும் அறிந்த உயரதிகாரியின் மடலைவிட, மூன்று ஆண்டுகள் நேரில் மேற்பார்த்த மேலாளரின் மடல் பயனுடையது.

"நான் உட்பட" என்னும் சொற்கள் கருதத்தக்கவை. மேலாளர் தம் தவறான கருத்தையும் ஒப்புக்கொள்வதால், விண்ணப்பதாரரின் சிந்தனை எங்கே வேறுபட்டது என்பது தெளிவாகிறது. இறுதியில் வரும் ஒப்பீடும் அளவோடு அமைந்துள்ளது. "மிகச் சிறந்தவர்" என்பதைவிட, "பதினொருவருள் இந்தத் திறனில் முதலாமவர்" என்பது உறுதியானது. ஏனெனில் எத்தனை பேரோடு, எதில் ஒப்பிடப்படுகிறார் என்பதை அது கூறுகிறது. பல பல்கலைக்கழகங்களின் படிவங்கள் இத்தகைய ஒப்பீட்டைத் தனி வினாவாகவே கேட்கின்றன. அங்கு இடும் குறியும் மடலின் கூற்றும் முரண்படாமல் இருத்தல் வேண்டும்.

கழிவு விகிதத்தைக் கூறிய மேலாளர், வாடிக்கையாளர்களின் பெயரையோ மணற்கலவையின் முழு அளவுகளையோ கூறவில்லை. நிறுவனத்தின் மறைபொருளை வெளியிடாமலேயே சான்று காட்ட முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

குறையைக் கூறும் முறை

குறையே இல்லாதவர் என்று எழுதப்பட்ட மடல் நம்பிக்கை தருவதில்லை. வள்ளுவரும் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுதியானதைக் கொண்டு அவரை மதிப்பிட வேண்டும் என்கிறார். குற்றத்தை மறைத்தால் படிப்பவரின் கையிலுள்ள துலாக்கோலில் ஒரு தட்டே இல்லாமற் போகும்.

எனினும், கூறப்படும் குறை உண்மையானதாகவும் திருந்தக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். "அளவுக்கு மீறி உழைப்பதே இவர் குறை" என்பது குறைபோல் தோன்றும் புகழ்ச்சி. படிப்பவர் அதனை ஏற்பதில்லை. மேற்கண்ட மடலில் கூறப்பட்ட தயக்கத்தோடு அது நீங்கிய வழியும் கூறப்படுகிறது. கணினிப் பயிற்சிக் குறைவு, அப்படிப்பு அவருக்கு ஏன் தேவை என்பதற்கே காரணமாகிறது.

சொற்களில் மறைந்த சார்பு

அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரை மடல்களைப் பிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா ஆகிய இருவரும் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பெண்களுக்கு எழுதப்பட்ட மடல்கள் சராசரியாகக் குறுகியவையாக இருந்தன. ஐயத்தைத் தூண்டும் சொற்கள் அவற்றில் மிகுந்திருந்தன. ஆண்களின் மடல்களில் ஆய்வு பற்றிய பேச்சு மிகுந்திருக்க, பெண்களின் மடல்களில் உழைப்பையும் கற்பித்தலையும் பற்றிய பேச்சு மிகுந்திருந்தது. எழுதியவர்கள் பெண்களுக்குத் தீங்கு எண்ணியவர் அல்லர். பழகிய சொற்களே அவர்கள் அறியாமல் அவ்வாறு அமைந்தன.

நம் மேலாளரின் முதல் வரைவையும் இவ்வாய்வோடு வைத்து நோக்கலாம். கடின உழைப்பு, பொறுமை, இனிமை என்னும் மூன்றுமே அங்கு முன்நின்றன. கண்டறிந்தார், அளந்தார், நிறுவினார் என்னும் வினைகளுள் ஒன்றும் இல்லை. எழுதி முடித்தபின் ஆண் ஊழியர் ஒருவரைப் பற்றியும் இச்சொற்களையே எழுதுவோமா எனத் தம்மைத் தாமே வினவுவது இச்சார்பைக் கண்டறிய உதவும்.

மறுத்தலும் ஒரு கடமை

பரிந்துரை கேட்டு வரும் அனைவரைப் பற்றியும் இவ்வாறு எழுத இயலாது. சான்று காட்டத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வரவில்லையாயின், மேலாளர் அதனைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். "என்னைவிட உங்கள் பணியை நன்கறிந்த மற்றொருவரைக் கேளுங்கள்" என்பது அந்நேரத்தில் கசப்பான சொல்லாயினும், விண்ணப்பதாரர் வேறு வழி தேட அது காலம் தருகிறது. இசைந்துவிட்டு உயிரற்ற மடலை அனுப்புவதோ, இறுதி நாளைத் தவறவிடுவதோ அவ்வாய்ப்பையும் பறித்துவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இறுதி நேரம் பெரும்பாலும் அந்நாட்டு நேரப்படி குறிக்கப்படுவதால், அதனை நம் நேரத்திற்கு மாற்றிக் குறித்துக்கொள்வதும், மடல் சேர்ந்ததற்கான ஒப்புகை வரும்வரை காத்திருப்பதும் மேலாளரின் பொறுப்பில் அடங்கும்.

அப்பொறியாளர் பிற்பகல் வார்ப்படங்களைப் பிரித்து வைத்த நாளில், அதனைக் கண்டவர் மேலாளர் ஒருவரே. அவர் எழுதவில்லையெனில், நடுத்தர மதிப்பெண்ணுக்கு அப்பால் அவரிடம் என்ன இருக்கிறது என்பதைத் தொலைவிலிருக்கும் சேர்க்கைக் குழு அறிய வேறு வழியில்லை.